அணியம் இல்லாத படகு

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சாமி வீதிக்கு வந்த நேரம் பார்த்து மழை கொட்டியதே, மாடியிலிருந்து வீசின பழங்களைச் சனங்கள் சாக்கடைத் தண்ணீரில் துழாவித் துழாவி எடுத்தார்களே, அந்த வருஷம் நடந்தது இது. அன்றைக்கு எனக்கும் ஒரு பழம் கையில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளையில்லாத தன் மகளுக்கு என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். அது ஆனி மாதம். அதே வருஷம் கார்த்திகையில் என் மருமகனின் படகு உடைந்தது. வருஷத்துக்கு என்ன எண் என்று என்னைக் கேட்டால் தெரியாது. எனக்குப் படிப்பு கிடையாது. மழையையும் மீனையும் வைத்துத்தான் நான் வருஷங்களைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம்தான் எங்கள் வாசல். படகு அதன் வழியாகத்தான் போக வேண்டும், அதன் வழியாகத்தான் வர வேண்டும். மழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் மணலைக் கொண்டுவந்து வாயில் கொட்டிவிடும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்றைக்கு முழங்கால் தண்ணீராகக் கிடக்கும். நான் கடலுக்குப் போன காலத்தில் கட்டுமரம். மேடு தட்டினால் இறங்கித் தள்ளுவோம். மரம் சிதறினால் கரையில் பொறுக்கி, கயிறு போட்டு மறுபடி கட்டிக்கொள்வோம். அதற்கு இன்சூரன்ஸ் என்று யாரும் எங்களிடம் வந்ததில்லை. வந்திருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்போம். இப்போது எல்லாம் பைபர் படகு. வெயிலில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. கல்லில் ஏறினால் பாளம் பாளமாகப் பிளக்கிறது.

இன்சூரன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது காரைக்கால் தலத்தெருவிலிருந்து ஒரு அம்மா மூலமாக. வேதக்காரர்கள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பெரிய பை. வெள்ளைச் சேலை மணலில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாக நின்று பேசுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

"ஏம்மா, வலை அறுந்துபோச்சுன்னா காசு வருமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வலை மட்டும் போனா வராதுங்க. போட்டு மொத்தமா போகணும். அப்பத்தான் போட்டுக்கும், அதோட போன எஞ்சினுக்கும் வலைக்கும் சேத்து வரும்."

"எஞ்சின் மட்டும் கெட்டுப்போச்சுன்னா?"

"அதுக்கும் வராது. இது கொறஞ்ச பிரீமியத்துல உள்ள பாலிசிங்க. கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டதுக்கும் வேணும்னா வேற பாலிசி இருக்கு, கூட கட்டணும்."

"அப்ப இந்தப் பாலிசிக்கு நாங்களே போட்டைக் கொண்டுபோயி முக்கிட்டு நீந்தி வந்துடணும்னு சொல்றீங்க."

"முக்குனா ஜெயிலுங்கண்ணே. அங்க மூணு வேளை சோறு உண்டு, மீன் கெடையாது."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே என் மருமகன் சரி என்றுவிட்டார். படகு அப்போது புதுசு. அதற்காக அவர் பாடுபட்டது எனக்குத் தெரியும், பிறத்தியார் படகில் பங்குக்குப் போய்ப் போய்ச் சேர்த்தது. அந்த அம்மா படகைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். எஞ்சினில் அடித்திருக்கிற எண்ணை எடுத்தார்கள். அணியத்தில் எழுதியிருக்கிற படகின் பதிவு எண்ணை எடுத்தார்கள். அணியம் என்றால் படகின் முன்மூக்கு. எண் அங்கேதான் இருக்கும், படகு கட்டின யார்டின் தகடும் அங்கேதான் பதித்திருக்கும், நாங்கள் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சுற்றுவதும் அங்கேதான். போகும்போது அந்த அம்மா என் மருமகனிடம் சொன்னார்கள்:

"தம்பி, ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல எனக்கு போன் போடுங்க. கம்பெனியிலேருந்து சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் உடைஞ்சதை அப்படியே வச்சிருங்க. அவர் எழுதுறதுதான் எல்லாம்."

மருமகன் தலையாட்டினார். நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டார்.

கார்த்திகையில் நாலு நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது. அதை எடுத்த பிறகுதான் எங்கள் ஊர்ப் படகுகள் போயின. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். எச்சரிக்கையை மீறிப் போயிருந்தால் பேச்சே கிடையாது. நாங்கள் மீறவில்லை. அதில் எங்கள் பக்கம் சுத்தம்.

விடிந்து வெயில் வந்த பிறகு படகுகள் திரும்பின. நான் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மருமகனின் படகு முகத்துவாரத்துக்குள் நுழையும்போது அடி மணலில் தட்டியது. தட்டின வேகத்தில் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கி, கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருக்கிற கருங்கல் மேல் கவிழ்த்துவிட்டது. சத்தம் கேட்டது. கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. நாலு பேர் போயிருந்தார்கள், நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். மருமகனுக்கு மட்டும் விலா எலும்பு உடைந்து, பேச்சு மூச்சில்லாமல் காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் போன் கடலில். இன்சூரன்ஸ் அம்மாவின் நம்பரும் அதோடு கடலில். என் மகள் ஆஸ்பத்திரியில். பாலிசிக் காகிதம் வீட்டில் டிரங்குப் பெட்டியில் அவள் கல்யாணச் சேலைக்கு அடியில். யாருக்கு அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் ஞாபகம் வரும்? புருஷன் கண்ணைத் திறப்பானா என்றுதான் பார்ப்பாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் படகு உடைந்தால் அதை அங்கே விட்டுவைக்க முடியாது. ஊர்ப் படகு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அலை அடித்து அடித்து உடைந்ததை வாய்க்குள்ளே தள்ளி அடைத்துவிடும். அதனால் பஞ்சாயத்தார் சொல்லிவிடுவார்கள், ஊரே இறங்கும். கூலி கிடையாது. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதும் கிடையாது. உடையவன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இன்னும் கூடுதலாகவே இறங்குவார்கள், அவன் வந்து பார்த்து மனசு உடையக் கூடாது என்று. அப்படித்தான் இறங்கினார்கள். எஞ்சினை முங்கி எடுத்தார்கள். உப்பு ஏறினால் போச்சு என்று அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, மெக்கானிக் பிரித்து டீசலில் ஊறப்போட்டுவிட்டார். வலை கல்லிலும் நீரோட்டத்திலும் சிக்கிக் கந்தலாகிப் போயே போய்விட்டது. படகை முழுசாக இழுக்க முடியவில்லை. ரம்பம் வைத்து அறுத்துத் துண்டு துண்டாகக் கரையேற்றினார்கள். துண்டுகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டாள். ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்கு. டீக்கடைக்காரர் சாக்கடைமேல் பாலம் மாதிரிப் போட்டுக்கொண்டார்.

அணியத்தை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். சந்தனம் வைத்து அம்மனாகக் கும்பிட்ட இடம். அதை ஆட்டுக்குக் கூரையாகப் போட முடியுமா? உயிரைத் திருப்பிக் கொடுத்த படகு என்றால் அதற்கு மரியாதை கூடுதல். மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூச்சுற்றி, கற்பூரம் காட்டி, இரண்டு படகு நடுவே கட்டி இழுத்துப்போய் ஆழக்கடலில் விட்டார்கள். என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கற்பூரம் காட்டிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் நின்றேன். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மருமகனுக்குப் பேச்சு நன்றாக வந்த பிறகுதான் கேட்டார்.

"மாமா, அந்த அம்மாவுக்கு போன் பண்ணியாச்சா?"

"எந்த அம்மா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியால் என்று நான் நினைத்தேன்.

மகள் பெட்டியைத் திறந்து பாலிசியை எடுத்துக்கொண்டு தலத்தெருவுக்கு ஓடினாள். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாலும் திட்டவில்லை. அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொன்னார்கள். கடலோரப் போலீசில் எழுதிக் கொடுக்க வைத்தார்கள், மீன்வளத்துறையில் சான்று வாங்க வைத்தார்கள், வானிலைக்கு ஒரு காகிதம், ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம். எல்லாம் சரியாகவே கிடைத்தன. அவர்கள் எங்களுக்காக அலைந்ததை நான் மறக்க மாட்டேன்.

"சர்வேயர் நாளைக்கு வர்றாருங்க. போட்டு மொத்தமா போச்சுன்னு அவர் எழுதணும். எழுதிட்டா எல்லாத்துக்கும் வரும், காப்பாத்துன எஞ்சினுக்கு மட்டும் கழிச்சுக்குவாங்க. எழுதலைன்னா வலைக்குக்கூட வராது. இருக்குற துண்டையெல்லாம் எப்படியாவது கொண்டாந்து வைங்க," என்றார்கள்.

இந்தச் சேதி ஊருக்குள் போனது. மறுநாள் காலையில் நான் பார்த்ததைப் போல என் ஆயுசில் பார்த்ததில்லை. ஆட்டுக்கொட்டகைக் கூரை வருகிறது. கோழிக்கூண்டு வருகிறது, உள்ளே ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தபடியே வருகிறது. டீக்கடைப் பாலம் வருகிறது. டீக்கடைக்காரர் கேட்டார், "பெரியவரே, இன்னிக்குச் சாக்கடையில எவனாச்சும் விழுந்தா அதுக்கும் உங்க பாலிசியில வருமா?" ஆட்டுக்காரி, "என் ஆட்டுக்கு வெயில் அடிக்குது, சர்வேயரு அதையும் எழுதிக்கட்டும்," என்றாள். மணலில் துண்டுகளைப் படகு வாக்கில் பரப்பி வைத்தார்கள். விலாவுக்கு விலா, அடிக்கு அடி. செத்தவரைக் கிடத்தியிருப்பது போல இருந்தது. முன்பக்கம் மட்டும் வெறும் மணல்.

சர்வேயர் இளவயதுக்காரர். மரியாதையானவர். காலணியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். எங்கள் கரையில் அப்படிக் கழற்றி நடந்த ஆபீசர் அவர் ஒருத்தர்தான். முன்னால் ஒரு ஆபீசர் பூட்ஸோடு ஈர மணலில் இறங்கி, ஒற்றைப் பூட்ஸை அங்கேயே விட்டுப் போன கதை ஒன்று உண்டு, அது கிடக்கட்டும். இவர் டேப் பிடித்து அளந்தார். அந்த அம்மா எடுத்த பழைய போட்டோக்களைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். எஞ்சின் எண்ணைப் பார்த்தார்.

"எஞ்சின் நம்பர் சரியா இருக்குங்க," என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுபடி படகைச் சுற்றி வந்தார். ஒரு இடத்தில் குனிந்தார். இன்னொரு இடத்தில் குனிந்தார். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"இந்த போட்டுக்கு எஞ்சின் மாட்டுற பின்பலகை ரெண்டு இருக்கே. முன்னாடி ஒண்ணுகூட இல்லையே?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. துண்டு குறைவாக இருக்கிறதே, பாவம், பணம் குறைத்துவிடுவார்களோ என்று சிலர் தங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய படகுத் துண்டுகளையும் கொண்டுவந்து இடைவெளியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கள்ளம் கிடையாது, உதவிதான் செய்தார்கள். எங்கள் ஊரில் பாதிப் படகு ஒரே அச்சில் ஊற்றினவை, ஒரே நீலம் அடித்தவை. எது எதுவென்று எங்களுக்கே தெரியவில்லை.

"அணியம் எங்கங்க? நம்பர் இருக்குற துண்டு?"

"கடல்ல விட்டுட்டோம் சார்," என்றார் பஞ்சாயத்தார் ஒருவர்.

"கடல்லயா? ஏன்?"

"அதை வீட்டுல வைக்க மாட்டோம் சார். அது சாமி."

சர்வேயர் திரும்பிக் கடலைப் பார்த்தார். அவர் எங்களைச் சந்தேகப்பட்டாரா, எங்களுக்காக வருத்தப்பட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "உடைஞ்சப்போ யாராவது போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்டார். ஒருத்தர் வீடியோ காட்டினார். அதில் படகு கவிழ்ந்து கிடக்கிறது, அணியம் மணலுக்குள் புதைந்திருக்கிறது. வயிறுதான் தெரிகிறது. நீல வயிறு. அது யார் படகாகவும் இருக்கலாம்.

"சார், ஊரே சாட்சி சொல்றோம். எங்க எல்லாரையும் எழுதிக்கங்க," என்றாள் ஆட்டுக்காரி.

"எழுதிக்கிறேம்மா. ஆனா நான் பாத்ததையும் எழுதணும்."

"நீங்க என்ன பாத்தீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "பெரியவரே, மொதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தா, வாய் அடைக்குதுன்னு நாங்களே எடுக்கச் சொல்லியிருப்போம். நம்பரோட நாலு போட்டோ எடுத்துட்டு எடுங்கன்னு சொல்லியிருப்போம்," என்றார். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன். குடித்தார். காசு கொடுக்கப் பார்த்தார், கடைக்காரர் வாங்கவில்லை.

தையிலோ மாசியிலோ கடிதம் வந்தது. மகள் படித்தாள். தகவல் தாமதம். பார்வையிடும் முன்பே உடைந்த படகை அப்புறப்படுத்தியது. காட்டின துண்டுகள் காப்பீடு செய்த படகுதான் என்று உறுதி செய்ய முடியவில்லை. ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது. படகு மொத்தமாகப் போனதாக ஏற்காததால் எஞ்சினுக்கும் வலைக்கும் எதுவும் இல்லை. மகள் இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது குரல் மாறியது, எழுத்து மாறவில்லை.

தலத்தெரு அம்மா விடவில்லை. சென்னையில் இப்படிப்பட்ட வழக்கைக் கேட்கிற அதிகாரி ஒருவர் இருக்கிறார், செலவில்லை, வக்கீலும் வேண்டாம் என்று எழுதிப் போட்டார்கள். ஊரார் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட தாள் ஒன்றையும் சேர்த்து அனுப்பினோம். போனிலேயே முகம் பார்த்து விசாரித்தார்கள். மருமகன் சட்டை மாட்டி, தலை வாரி, போனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அதிகாரியும் நல்லபடியாகத்தான் கேட்டார். பின்பலகை ரெண்டு என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. கம்பெனி சொன்னதே சரி என்று தீர்ப்பு வந்தது. கோர்ட்டுக்குப் போகலாமாம். மருமகன் வேண்டாம் என்றுவிட்டார்.

"வேணாம் மாமா. கேட்டா, நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்துக்காரங்கன்னு எழுதுவாங்க. எனக்காக எறங்குனவங்க அவங்க."

எஞ்சினைத் திரும்பப் பூட்டப் படகு இல்லை. அதை ஓடவிடாமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். மருமகன் இப்போது கீழவாஞ்சூரில், துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார். சாயங்காலம் வரும்போது பல்லும் கண்ணும்தான் வெள்ளை. விலா சேர்ந்துவிட்டது, ஆனால் மழைக் காற்று வந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் படுக்கிறார். துறைமுகத்திலிருந்து பார்த்தால் நம் முகத்துவாரம் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். "நான் அந்தப் பக்கம் பாக்குறதில்ல மாமா," என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

இனிமேல் படகு உடைந்தால் முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்வோம் என்று ஊரில் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். போன ஐப்பசியில் இன்னொருத்தர் படகு அதே கல்லில் ஏறி உடைந்தது. அதற்கும் பாலிசி இருந்தது. நான் அவர் அண்ணனிடம் ஓடிப்போய், "மொதல்ல போன் போடு, போட்டோ எடு," என்றேன். "பெரியப்பா, தம்பி உசுரோட வந்திருக்கான். இப்ப போய் அணியத்து அம்மனை போட்டோ எடுத்துக்கிட்டு நிப்பாங்களா?" என்றார். மஞ்சள் தண்ணீர் வந்தது, பூ வந்தது. அணியத்தைக் கடலுக்குத்தான் கொண்டுபோனார்கள். நானும் கரையில் நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

நான் சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது. நீங்கள் வேறு ஊர். கடற்கரையில் படகு வைத்திருக்கிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெண்பிள்ளை போனிலும் அந்த நம்பரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உடைந்த அன்றைக்கே தகவல் சொல்லச் சொல்லுங்கள். அணியத்தை நம்பர் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு, கம்பெனியில் சரி என்ற பிறகு கற்பூரம் காட்டட்டும், அம்மன் கோபிக்க மாட்டாள். வேண்டாத துண்டை யாரும் கொண்டுவந்து சேர்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்பார்களோ மாட்டார்களோ, நீங்கள் சொல்லிவிடுங்கள்.